இ-பேப்பர் என்பது செய்தித்தாளா, செய்தித்தாளின் புகைப்படமா?

வெண்ணிலா (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டில் தினமும் காலையில் நடக்கும் ஒரு கூத்திலிருந்து தொடங்குகிறேன். பெரியப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் படிக்கும் நாளிதழுக்கு நல்ல இணையதளம் இருக்கிறது, எழுத்தும் பெரிதாகத் தெரியும். அதைத் தொடவே மாட்டார். அதே நாளிதழின் இ-பேப்பரைக் கைப்பேசியில் திறந்து, இரண்டு விரலால் விரித்து, இடம் வலமாக இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார். "இதுதான் பேப்பர், அது வேறு ஏதோ" என்பது அவருடைய தீர்ப்பு.

நான் இதழியல் முதுகலை படிக்கிறேன். 'ரெமிடியேஷன்' பற்றிய பாடத்தில், போல்ட்டரும் குருசினும் 1999இல் எழுதிய நூலைச் சொல்லி, புதிய ஊடகம் பழைய ஊடகத்தின் வடிவத்தை எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்றார் ஆசிரியர். இ-பேப்பர், பாட்காஸ்ட் என்று இரண்டு எடுத்துக்காட்டு கொடுத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. இ-பேப்பர் கடன் வாங்கியது எதை? தாளின் தோற்றத்தை மட்டுமா? அப்படியானால் பெரியப்பா ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்?

கோபி_வரைகலை

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சேமிக்கும் பொத்தானில் இன்னும் பிளாப்பி படம் இருக்கிறது. கைப்பேசிக் கேமராவில் திறந்து மூட ஒன்றுமில்லை, ஆனாலும் 'கிளிக்' சத்தம் வருகிறது. பழையதைப் பார்த்துப் பழகியவர்கள் மிரளாமல் இருக்கப் பூசும் சாயம் இது. பழகியதும் உதிர்ந்துவிடும். ஆப்பிள் தன் புத்தகச் செயலியில் மர அலமாரியை வரைந்து வைத்திருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது அந்தப் போக்கையே கைவிட்டது. இ-பேப்பரும் உங்கள் பெரியப்பா தலைமுறையோடு போய்விடும். பாட்காஸ்ட் என்பது பதிவு செய்த வானொலி, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் (ஓய்வு)

ரெமிடியேஷன் பற்றிப் பேசுவது மகிழ்ச்சி. எங்கள் பள்ளியில் கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு நடத்தினோம். அந்தப் பிள்ளைகளைச் செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொல்வேன். நல்ல பலன் கிடைத்தது. இ-பேப்பரில் அது முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், முடியாது. எழுத்து மிகவும் சிறியது.

வெண்ணிலா

ஐயா, நீங்கள் சொல்வது குறைதீர் கற்பித்தல். நான் கேட்டது வேறு, மறுஊடகமாக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுத்து சிறியது என்ற புகார் இரண்டுக்கும் பொது.

எட்டுப்பத்தி

நான் 22 ஆண்டுகளாக ஒரு நாளிதழில் பக்க வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் இரவில் இ-பேப்பர் ஏற்றுவதும் எங்கள் வேலை. கோபி தம்பி சொல்வது பாதி சரி. பிளாப்பி படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தாலும் கோப்பு சேமிக்கப்படும். செய்தித்தாளிலிருந்து பக்கத்தை எடுத்துவிட்டால் என்ன போகிறது என்று பாருங்கள்.

முதலில் அந்தச் சின்ன எழுத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தின் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 52 செ.மீ. உயரம். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 6.6 செ.மீ. பக்கம் முழுவதும் திரையில் தெரியும்போது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 10 புள்ளி எழுத்து 2 புள்ளியாகிறது. அதை யாராலும் படிக்க முடியாது, ஆகவே பெரிதாக்குகிறோம். எட்டுப் பத்திப் பக்கத்தில் ஒரு பத்தி சுமார் 4 செ.மீ. தாளின் உண்மையான அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் ஒன்றரைப் பத்தி தெரியும். அகலம் தற்செயலாகக் கைப்பேசிக்குப் பொருந்தி வருகிறது. வினை உயரத்தில் இருக்கிறது. மூன்று பத்தியில் 25 செ.மீ. இறங்கும் செய்தியைப் படிக்க, ஒரு பத்தியில் இரண்டு திரை கீழே போய், மறுபடி மேலேறி, பக்கத்துப் பத்தியில் இறங்க வேண்டும். கிணற்றில் வாளியை விட்டு விட்டு இழுப்பது போல. தாளில் கண் ஒரு நொடியில் செய்யும் வேலையை இங்கே விரல் செய்கிறது.

இத்தனை சிரமத்துக்கும் பெரியப்பாவுக்குக் கிடைப்பது என்ன? எடை. இரவு பதினொரு மணிக்கு நாங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் எந்தச் செய்தி ஆறு பத்தித் தலைப்பு, எது இரண்டு பத்தி, எது மடிப்புக்கு மேலே, எது ஒன்பதாம் பக்கத்துக் கீழ் மூலை என்பதற்காகத்தான். அது ஒரு வாக்கியமும் எழுதாமல் செய்தி ஆசிரியர் சொல்லும் கருத்து. இணையதளத்தில் அமைச்சரவை மாற்றமும் நடிகையின் பிறந்தநாளும் ஒரே அளவுப் பெட்டியில், எது பிந்தி வந்ததோ அது மேலே என்று அடுக்கப்படுகின்றன. பெரியப்பா அஞ்சலகத்தில் தபால் பிரித்தவர். பிரிக்காத தபால் மூட்டையைக் கொடுத்தால் அவருக்குப் பிடிக்குமா?

இன்னொன்று, 14 பக்கம் முடிந்தால் பேப்பர் முடிந்தது. இணையதளம் முடிவதே இல்லை.

கோபி_வரைகலை

எடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் அண்ணா. 'முடிவதுதான் கவர்ச்சி' என்பதை ஏற்க மாட்டேன். நியூஸ் கார்ப்பரேஷன் 2011 பிப்ரவரியில் ஐபேடுக்கென்றே 'தி டெய்லி' என்று ஒரு நாளிதழ் தொடங்கியது. தாளே கிடையாது, ஆனால் தினம் காலையில் ஒரு பதிப்பு, அதற்கு ஒரு முடிவு. 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள். முடிவுள்ள பதிப்பு என்ற வடிவத்தைக் கடன் வாங்கினால் மட்டும் பிழைக்க முடியாது.

எட்டுப்பத்தி

சரியான அடி. ஆனால் அது பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கருவியை நம்பி ஓடியது, செலவும் பெரிது. வடிவம் தோற்றதா, வியாபாரம் தோற்றதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் இ-பேப்பருக்குத் தனியாக யாரும் எழுதுவதில்லை. அச்சுக்குப் போகும் அதே கோப்புதான் போகிறது. அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

கடன் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதும் இல்லை. 1982இல் தொடங்கிய 'யுஎஸ்ஏ டுடே' தொலைக்காட்சியைப் பார்த்து வண்ணத்தையும் குட்டிச் செய்திகளையும் பெரிய வானிலைப் படத்தையும் எடுத்துக்கொண்டது. தெருவில் அந்தப் பேப்பரை விற்ற பெட்டியே தொலைக்காட்சிப் பெட்டி போல இருக்கும்.

கண்ணன்_செவிவழி

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறேன். நீங்கள் எல்லாரும் புகழும் பக்கத்தைத் திறந்தால் எனக்குக் கேட்பது "படம், பக்கம் 1" என்பது மட்டும். சில இ-பேப்பர்களில் செய்தியைத் தட்டினால் எழுத்து வடிவம் திறக்கும் என்கிறார்கள். தட்டினேன். ஒரு நாளிதழில் இரண்டு பத்திகளின் வரிகள் குறுக்கே ஒட்டிக்கொண்டு வந்தன. "முதல்வர் இன்று காலை வெங்காயம் கிலோவுக்கு" என்று போனது. இன்னொரு நாளிதழில் தமிழே வரவில்லை. எந்த மொழி என்று சொல்ல முடியாத ஆங்கில எழுத்துக் குவியலைக் கருவி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டியது.

எட்டுப்பத்தி

முதலாவது, படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் பத்திகளுக்கு இடையிலுள்ள சந்தைக் கவனிக்காமல் இடமிருந்து வலமாக ஓடியிருக்கிறது. வாக்கியம் ஒவ்வொரு நான்கைந்து சொல்லுக்கும் பொருள் மாறினால் அதுதான் காரணம். இரண்டாவது எழுத்துரு சம்பந்தப்பட்டது. அதை என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறார்.

யாழ்_டொராண்டோ

என்னைத்தான் சொல்கிறார். 1990களின் கடைசியில் இங்கே தமிழ் வார இதழ்களுக்குப் பக்கம் கட்டினேன். எங்கள் காலத்தில் எல்லாம் பாமினி எழுத்துருதான். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதை அறியாத தட்டச்சர் இருக்க மாட்டார். அதில் திரையில் 'கொழும்பு' என்று தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பது இது:

```
nfhOk;G
```

n என்பது கொம்பு, f என்பது க, h என்பது கால். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறோம். முகமூடி கழன்றால் கண்ணன் கேட்டது வரும். கண் தெரிந்தவர்களும் சோதிக்கலாம். இ-பேப்பரில் ஒரு வரியை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். இப்படிக் குப்பை விழுந்தால் பழைய எழுத்துரு.

இதில் மறுஊடகமாக்கம் எங்கே என்றால், அந்த வரிசையில். கொம்பு, க, கால். இது தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசை. பொறியில் எழுத்து இடமிருந்து வலமாக விழும், ஆகவே முதலில் கண்ணுக்குத் தெரியும் கொம்பை முதலில் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஈய எழுத்துக் கோத்தவர்களும் கொம்பைத் தனி அச்சாக எடுத்துத்தான் முன்னால் வைத்தார்கள். எழுத்துரு செய்தவர்கள் தட்டச்சர்களின் விரலுக்குப் பழகியதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். யூனிகோடு வந்து, முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்று வாய் சொல்லும் வரிசையை வைத்தது. 'கொ' அதில் இரண்டே குறியீடு:

```
U+0B95 U+0BCA
```

இப்போது யூனிகோடில் பக்கம் கட்டினாலும் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது சில சமயம் 'ெகாழும்பு' என்று கொம்பு முன்னால் தனித்து நிற்கும். ஏனென்றால் பிடிஎஃப் தாளின் குழந்தை. எந்த வடிவம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம், எதை முதலில் படிப்பது என்பது அல்ல. இப்படி உடைந்த கோப்பில் நீங்கள் 'கொழும்பு' என்று தேடினால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தாலும் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று வரும்.

மாற்றி மென்பொருள்கள் உண்டு. ஆனால் நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் அதையும் தமிழாக்கிக் கெடுக்கும். யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். இரவு ஒரு மணிக்கு யார் உட்காருவார்?

ஒரு சின்ன விலகல். நாம் 'நாளேடு' என்கிறோம். ஏடு என்றால் ஓலை. ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் தொடக்கக் கால அச்சு நூல்களுக்கும் போனது. அச்சுக்கு ஓலை கிழியும் பயம் கிடையாது, ஆனாலும் புள்ளி வரத் தாமதமானது. நம்மவர்களுக்கு இது புதிய நோய் இல்லை.

வெண்ணிலா

அப்படியானால் நான் கேள்வியையே தவறாகக் கேட்டிருக்கிறேன். தோற்றத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கடன் அடியில், வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறது. பாட்காஸ்டிலும் இப்படி ஏதாவது இருக்குமா?

செல்வி_கதைசொல்லி

இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் அதில் மாட்டிக்கொண்டேன். என் பாட்டி சொன்ன ஒரு நீண்ட கதையை 14 பகுதிகளாகப் பதிவு செய்து பாட்காஸ்டாக வெளியிட்டேன். மதுரையில் இருக்கும் அக்கா கேட்டுவிட்டு, "ராணி முதலிலேயே செத்துவிட்டாளே, பிறகு எப்படிக் கல்யாணம்?" என்றாள். செயலி 14ஆம் பகுதியை மேலே வைத்திருக்கிறது, அவள் மேலிருந்து கேட்டிருக்கிறாள். வானொலித் தொடரில் இப்படி நடக்குமா? முதல் வாரம் முதல் பகுதிதானே வரும்?

கோபி_வரைகலை

அக்கா, இது என் பக்கத்து விஷயம். பாட்காஸ்ட் பதிவு செய்த வானொலி என்று மேலே எழுதியதை நானே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். குரல் வானொலியிடமிருந்து வந்தது. அடியில் ஓடும் குழாய் வலைப்பதிவுடையது. வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை அறிவிக்க ஆர்எஸ்எஸ் என்ற ஓடை இருந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் டேவ் வைனர் அதில் ஒலிக்கோப்பை இணைக்க ஒரு குறியைச் சேர்த்தார். 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் போகிற போக்கில் போட்டார். 2005 ஜூனில் ஐடியூன்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டதும் பரவியது. வலைப்பதிவில் புதியது மேலே, பழையது கீழே. நாட்குறிப்புக்கும் செய்திக்கும் அது சரி. பாட்டி கதைக்கு ராணி முதலில் சாகிறாள்.

2014இல் 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்ட் ஒரே வழக்கை வாரம் வாரமாகச் சொல்லி மிகப் பெரிய வெற்றி பெற்றது. அதைச் செய்தவர்கள் வானொலிக்காரர்கள். முதலிலிருந்து கேட்டால்தான் புரியும். ஆப்பிள் 2017இல் தொலைக்காட்சியிடமிருந்து 'சீசன்', 'எபிசோடு' என்பவற்றை வாங்கி ஓடைக்குள் புதிய குறிகளாக வைத்தது. உங்கள் ஓடையின் தலைப்பகுதியில் முதல் வரியையும், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அதற்குரிய எண்ணோடு மற்ற இரண்டு வரிகளையும் சேருங்கள்:

```
<itunes:type>serial</itunes:type>
<itunes:season>1</itunes:season>
<itunes:episode>7</itunes:episode>
```

நீங்கள் பயன்படுத்தும் தளத்தின் அமைப்புகளிலேயே 'தொடர்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கலாம். பிறகு முதல் பகுதி முன்னால் வரும். ஆனால் எல்லாச் செயலிகளும் இதை மதிப்பதில்லை. பகுதியின் பெயரிலேயே எண்ணையும் போட்டுவிடுங்கள்.

எட்டுப்பத்தி

தம்பி, அப்படியென்றால் பாட்காஸ்டில் மூன்று பாட்டன்கள் இருக்கிறார்கள். குரலுக்கு வானொலி, வரிசைக்கு வலைப்பதிவு, பகுதி எண்ணுக்குத் தொலைக்காட்சி.

கோபி_வரைகலை

ஆமாம் அண்ணா. ஆனால் வானொலி விட்டுச்சென்ற சிலவற்றைச் சாயம் என்றே இன்னும் சொல்வேன். தொடக்க இசையைப் பாருங்கள். குமிழைத் திருகிக்கொண்டு போகிறவருக்கு எந்த நிலையம் என்று தெரிய அது வேண்டும். பாட்காஸ்டில் பெயரைப் பார்த்து, தட்டித்தான் கேட்கிறோம். பிறகு எதற்கு அரை நிமிடம் வீணை? 'சின்ன இடைவேளைக்குப் பிறகு' என்று வேறு சொல்கிறார்கள். யாருக்கு இடைவேளை?

கண்ணன்_செவிவழி

எனக்கு. நான் பத்து நிகழ்ச்சிகளை வரிசையில் போட்டுவிட்டு நடக்கப் போவேன். ஒன்று முடிந்து அடுத்தது தானாகத் தொடங்கும்போது திரையை யார் பார்ப்பது? அந்த வீணைதான் ஆள் மாறியதைச் சொல்கிறது. அரை நிமிடம் அதிகம், ஐந்து நொடி போதும் என்று வேண்டுமானால் பேரம் பேசுங்கள்.

தலைமையாசிரியர் (ஓய்வு)

நான் விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒன்று கேட்கிறேன். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்று கேட்டால் எங்கள் வீட்டில் மணி என்ன என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம். வானொலி எங்களுக்கு நேரத்தையும் சேர்த்துச் சொன்னது. பாட்காஸ்ட் அதைக் கடன் வாங்கவில்லையே, ஏன்?

யாழ்_டொராண்டோ

ஐயா, நல்ல கேள்வி. வாங்க முடியாததை விட்டுவிட்டார்கள் என்பேன். நேரத்தை எல்லாரும் ஒரே கணத்தில் கேட்க வேண்டும். கோப்பை அவரவர் விரும்பியபோது கேட்கிறார்கள். ஆனால் 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய பகுதி' என்று அறிவிப்பவர்கள் எதற்காக வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தால், கொஞ்சம் வாங்கியிருக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. எனக்கு இதில் தீர்மானமான கருத்து இல்லை.

வெண்ணிலா

இன்று காலையில் ஒரு சோதனை செய்தேன். பெரியப்பாவின் இ-பேப்பரில் பக்கக் காட்சியை மூடிவிட்டு, செய்திகளைப் பெரிய எழுத்தில் வரிசையாகக் காட்டும் முறையில் வைத்துக் கொடுத்தேன். அதே செய்திகள், அதே சொற்கள். விரலால் இழுக்கவே வேண்டாம். மூன்று செய்தி படித்தார். பிறகு கேட்டார், "இது எத்தனாம் பக்கம்?" பதில் சொல்ல எனக்கு வழி இல்லை, அந்தத் திரையில் பக்க எண்ணே இல்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கண்ணன்_செவிவழி

எனக்கும் பெரியப்பா கேள்விதான். எழுத்து சரியாக வரும் நாளிதழ்களில்கூட ஆறு பத்தித் தலைப்பும் மூலைத் தலைப்பும் என் காதில் ஒரே குரலில், ஒரே அளவில் விழுகின்றன. வலைப்பக்கங்களில் தலைப்புகளுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று குறி வைக்கிறார்கள், திரைவாசிப்பான் அதைச் சொல்லும். எட்டுப்பத்தி ஐயா, நீங்கள் இரவில் சண்டை போட்டு வைக்கும் அந்த எடையை எழுத்து வடிவத்துக்கு ஏன் அனுப்புவதில்லை?

எட்டுப்பத்தி

பக்கம் கட்டும் கோப்பில் ஒவ்வொரு தலைப்புக்கும் 'முதன்மை', 'இரண்டாம்', 'பெட்டி' என்று பாணிப் பெயர் கொடுத்துத்தான் வைக்கிறோம். இ-பேப்பருக்கு ஏற்றும்போது செய்தியைச் சுற்றிச் செவ்வகம் வரைந்து, உள்ளே இருக்கும் சொற்களை மட்டும் எடுக்கிறார்கள். பாணிப் பெயர் அங்கே உதிர்ந்துவிடுகிறது. பக்க எண் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது, அதைக்கூடக் காட்டுவதில்லை. இரண்டும் எங்களிடம் இருக்கின்றன, யாரும் கேட்கவில்லை. இன்றிரவுப் பணிக்குப் போகும்போது மென்பொருள் பிரிவில் பேசிப் பார்க்கிறேன். என்ன சொன்னார்கள் என்று நாளை எழுதுகிறேன்.